ஊத மறுத்தால் தப்பிக்கலாமா?

கேள்வி: கொஞ்சம் குடித்திருக்கும்போது போலீஸ் வண்டியை நிறுத்தி ஊதச் சொன்னால், "ஊத மாட்டேன்" என்று சொல்லிவிடலாமா? ரீடிங் இல்லாவிட்டால் கேஸ் நிற்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எவ்வளவு வரை குடித்தால் சட்டப்படி பரவாயில்லை? வெளிநாட்டில் ஓட்டும்போதும் இதே விதிதானா?

பதில்:

"மாட்டேன்" என்று சொல்லலாம். உங்கள் வாயில் குழலைத் திணித்து யாரும் ஊத வைக்க முடியாது. ஆனால் அதனால் தப்பிக்க முடியாது. இந்தியாவில் மறுப்பு உங்களைக் கைதுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் கொண்டுபோகும். பிரிட்டனில் மறுப்பதே தனிக் குற்றம். அங்கே ஊதியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கக்கூடிய ஆள், மறுத்ததால் மட்டுமே லைசென்ஸை இழக்கலாம். நான் வக்கீல். உங்கள் நண்பர்கள் சொன்னதை நம்பி வந்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அளவு. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185-ன்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீண்ட காலமாக இருக்கும் வரம்பு 80 மில்லிகிராம். ஸ்காட்லாந்தும் அதே 80-ல்தான் இருந்தது. 2014 டிசம்பரில் 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். அளவுகளில் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், ஒரு நாட்டில் சட்டப்படி சரியாக ஓட்டுகிறவர் அதே நிலையில் இன்னொரு நாட்டில் குற்றவாளி ஆகிவிடுவார்.

எல்லாமே ரத்தக் கணக்கு என்றால், ரோட்டில் ஏன் மூச்சைப் பார்க்கிறார்கள்? ரத்தத்தில் கலந்த ஆல்கஹால் நுரையீரலில் காற்றோடு கலந்து வெளியே வருகிறது. நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால், ரத்தத்தில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடலாம். பல நாட்டுக் கருவிகள் இதற்கு 2100 மடங்கு என்ற விகிதத்தைப் பயன்படுத்துகின்றன, பிரிட்டன் 2300 என்று வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் சட்டம் மூச்சுக்கென்றே தனி வரம்பும் சொல்கிறது: 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம். 35-ஐ 2300-ஆல் பெருக்கினால் 80 மில்லிகிராம் பக்கம் வரும், அதாவது அதே வரம்புதான். இந்தியாவில் போலீஸ் கையில் இருக்கும் கருவி இந்தக் கணக்கைத் தானே போட்டு, ரத்த அளவாகவே திரையில் காட்டும்.

சரி, எவ்வளவு குடித்தால் பரவாயில்லை? இதற்குக் கணக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை நம்பி வண்டியை எடுக்கக் கூடாது என்பதைக் காட்டத்தான் இங்கே போடுகிறேன். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் என்று வைத்துக்கொள்வோம். இரவு 8 மணிக்குக் குடிக்க ஆரம்பிக்கிறார். அரை லிட்டர் பீர், 5 சதவீதம், இரண்டு. ஒன்பதரைக்கு முடித்துவிட்டு வண்டியை எடுக்கிறார், 10 மணிக்கு நிறுத்துகிறார்கள். ஒரு லிட்டர் பீரில் 50 மில்லி ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 39.5 கிராம். ஆண்களின் எடையில் சுமார் 68 சதவீதத்தில் ஆல்கஹால் பரவுகிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம், அதன்படி இவருக்கு 47.6 கிலோ. 39.5 கிராமை அதில் பரப்பினால் 100 மில்லி ரத்தத்தில் 83 மில்லிகிராம் வருகிறது. உடம்பு மணிக்குச் சுமார் 15 வீதம் குறைத்துக்கொண்டே வரும். இரண்டு மணி நேரத்தில் 30 போனால், பத்து மணிக்கு மீதி 53.

இந்த 53-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை இது வரும். இந்தியாவில் இவர் வரம்பைத் தாண்டிவிட்டார். ஸ்காட்லாந்தில் நூலிழையில் தாண்டிவிட்டார். இங்கிலாந்தில் வரம்புக்குள் இருக்கிறார். மூச்சு அளவில் சொன்னால் சுமார் 23 மைக்ரோகிராம். இங்கிலாந்தின் வரம்பு 35, ஸ்காட்லாந்தின் வரம்பு 22.

ஆனால் 15 என்பது சராசரி. சிலருக்கு மணிக்குப் பத்துதான் குறையும், சிலருக்கு இருபது. பெண்களுக்கு 68 சதவீதம் என்ற எண் பொருந்தாது. அவர்கள் உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே எடையுள்ள ஆண் குடித்த அதே அளவு அவர்களுக்கு அதிகமாக ஏறும். சாப்பிட்டாரா, வெறும் வயிறா, எவ்வளவு வேகமாகக் குடித்தார் என்பதெல்லாம் கணக்கை மாற்றும். "நான் ரெண்டு பீர்தான் சார்" என்று சொல்கிறவருக்கு, தன் ரத்தத்தில் 40 ஓடுகிறதா 70 ஓடுகிறதா என்று தெரிய வழியே இல்லை. அதைக் கருவிதான் சொல்ல முடியும். மறுக்கலாமா என்று யோசிப்பவர் தன் எண்ணைத் தெரியாமலேயே யோசிக்கிறார்.

அடுத்து, ஊதும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கருவியில் புதிய குழலைச் சொருகுவார்கள். கருவி முதலில் சுற்றியுள்ள காற்றைச் சோதித்துப் பூஜ்யம் காட்ட வேண்டும். அப்புறம் மூச்சை இழுத்து, உதட்டைக் குழலோடு இறுக்கி, சில வினாடிகள் நிறுத்தாமல் ஊத வேண்டும். காற்று போதுமான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்வரை பல கருவிகள் ஒலி எழுப்பிக்கொண்டே இருக்கும், நின்றால் ஒலியும் நின்றுவிடும். இவ்வளவு நேரம் கேட்பதற்குக் காரணம் உண்டு. முதலில் வருவது வாயிலும் தொண்டையிலும் இருக்கும் காற்று. கருவிக்கு வேண்டியது கடைசியில் வரும் ஆழ்ந்த மூச்சு.

இங்கேதான் ஒரு பழைய தந்திரம். கன்னத்தை மட்டும் உப்பவைத்து, உதட்டோரமாகக் காற்றைக் கசியவிட்டு, ஊதுவதுபோல் காட்டுவது. ஒலி வராது, வந்தாலும் இரண்டு வினாடியில் அறுந்துபோகும். திரையில் மாதிரி போதவில்லை என்று வரும். இரண்டாம் முறை கேட்பார்கள், மூன்றாம் முறை கேட்பார்கள், நீங்கள் அப்படியே செய்வீர்கள். உங்கள் மனதில் நீங்கள் மறுக்கவில்லை, ஒத்துழைத்துவிட்டீர்கள். சட்டத்தின் கண்ணில் நீங்கள் மறுத்துவிட்டீர்கள். பிரிட்டிஷ் சட்டத்தில் தரத் தவறுவது என்ற சொல்லுக்குள்ளேயே மறுப்பதும் அடங்கும் என்று எழுதியிருக்கிறது. இந்தியச் சட்டத்தின் 205-ஆம் பிரிவு மறுத்தாலும், விட்டுவிட்டாலும், தவறினாலும் என்று மூன்றையும் ஒன்றாகவே சேர்த்துச் சொல்கிறது. வாயைத் திறந்து "மாட்டேன்" என்று சொன்னவருக்கும் கன்னத்தை உப்பவைத்தவருக்கும் வித்தியாசமே இல்லை. பின்னவருக்கு ஒரு கூடுதல் கஷ்டம்கூட உண்டு. மூன்று முறை முயன்றும் மாதிரி வரவில்லை, மூச்சுத் திணறலும் தெரியவில்லை என்று அதிகாரி எழுதி வைத்திருப்பார். பிறகு கோர்ட்டில் ஆஸ்துமா என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இனி இந்தியச் சட்டம் மறுப்பை எப்படிக் கையாள்கிறது என்று வரிசையாகப் பார்க்கலாம். பிரிவு 203-ன்படி, யூனிஃபார்மில் இருக்கும் போலீஸ் அதிகாரி, நீங்கள் குடித்திருக்கிறீர்கள் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், அங்கேயோ பக்கத்திலோ மூச்சு மாதிரி கேட்கலாம். வாசனை, பேச்சு, வண்டி வந்த விதம் எல்லாம் அந்தக் காரணத்துக்குப் போதும். ஊதி, கருவி ஆல்கஹாலைக் காட்டினால், வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். நீங்கள் மறுத்தாலும் அப்படியே: ரத்தத்தில் ஆல்கஹால் இருப்பதாக அவருக்கு நியாயமான சந்தேகம் இருந்தால் அதே கைது அதிகாரம். ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருப்பவரை மட்டும் இப்படிக் கைது செய்யக் கூடாது. ஆக, ரோட்டோரத்தில் மறுத்து நீங்கள் தவிர்த்தது ஒரு எண்ணை மட்டும்தான், ஸ்டேஷனை அல்ல.

ஸ்டேஷனுக்குப் போனதும் இன்னொரு முறை ஊத வாய்ப்புத் தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இது உங்களுக்கான பாதுகாப்பு. பதற்றத்தில் ரோட்டில் மறுத்தவர் இங்கே மனம் மாறி ஊதலாம். இங்கேயும் மறுத்தால் பிரிவு 204 வருகிறது: பதிவுபெற்ற மருத்துவர் ஒருவரிடம் ரத்த மாதிரி தரச் சொல்லலாம். பெண்ணிடம் ஆண் மருத்துவர் எடுப்பதாக இருந்தால் இன்னொரு பெண் உடனிருந்தே ஆக வேண்டும். பிரிவு 202-ன்படி கைதான இரண்டு மணி நேரத்துக்குள் இந்த மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், நடக்காவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விடுவிப்பது காவலிலிருந்துதான். வழக்கு அதோடு தானாகச் செத்துப்போகாது.

இப்போது நண்பர்கள் சொன்ன "ரீடிங் இல்லாவிட்டால் கேஸ் இல்லை" என்பதற்கு வருவோம். இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதனால்தான் இது ஆபத்தானது. 185-ல் குற்றம் என்பது 30 மில்லிகிராம் என்ற எண்ணோடு கட்டியிருக்கிறது, அதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். வாயில் வாசனை வந்தது, தள்ளாடினார், கண்மணி விரிந்திருந்தது என்பதை மட்டும் வைத்து ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. மறுப்பைப் பற்றி 205 சொல்வதும் அளவோடுதான் இருக்கிறது. தகுந்த காரணம் காட்டாமல் மறுத்திருந்தால், அந்த மறுப்பை அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும் சூழ்நிலையாகவோ, உங்கள் தரப்புச் சாட்சியத்தை முறியடிக்கும் சூழ்நிலையாகவோ நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. மறுப்பே தனியாக நின்று உங்களைத் தண்டித்துவிடாது, வேறு சாட்சியத்துக்கு முட்டுக் கொடுக்கும்.

நண்பர்கள் இதுவரைதான் படித்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுவிட்ட பகுதி இது. மறுத்தால் நீங்கள் கைதான ஆள். கைதானவரை, குற்றத்துக்குச் சாட்சியம் கிடைக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால், போலீஸ் கேட்டுக்கொண்டதன்பேரில் மருத்துவர் பரிசோதிக்கலாம், அதற்குத் தேவையான அளவு பலத்தையும் பயன்படுத்தலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டத்தில் அது 51-ஆம் பிரிவு. அந்தப் பரிசோதனையில் ரத்தமும் அடக்கம். என்னை எனக்கு எதிராகவே சாட்சி ஆக்கக் கூடாது என்ற அரசியலமைப்புப் பாதுகாப்பு இங்கே உதவாது. உடல் சார்ந்த அடையாளங்களைத் தருவது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1961-ல் விளக்கிவிட்டது. ஆக, மூச்சு ரீடிங்கைத் தவிர்க்கப் போய், கோர்ட்டில் அதைவிட அசைக்கக் கஷ்டமான லேப் ரிப்போர்ட்டை நீங்களே வரவழைத்துக்கொள்கிறீர்கள். கருவி பழுது, குழல் பழசு, அளவுச்சோதனை தேதி முடிந்துவிட்டது என்று ரோட்டோர ரீடிங்கைக் கேள்வி கேட்க எனக்கு நாலு வழி இருக்கிறது. ஒழுங்காக முத்திரை வைத்து அனுப்பிய ரத்த மாதிரியில் அவ்வளவு இருக்காது.

விபத்து நடந்திருந்தால் இன்னும் மோசம். கோர்ட்டில் அபராதம் கட்டி முடித்தாலும், நொறுங்கிய வண்டிக்கு இன்சூரன்ஸ் பணம் கேட்கும்போது பழைய கதை திரும்ப வரும். 2021-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், மூச்சுப் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ நடக்காமல் இருந்தும், ஓட்டுநர் போதையில் இருந்தார் என்பதை மற்றச் சூழ்நிலைகளை வைத்தே இன்சூரன்ஸ் நிறுவனம் நிரூபிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வண்டிச் சேதத்துக்கான பணம் உரிமையாளருக்குக் கிடைக்கவில்லை. ரீடிங் இல்லை என்பது குற்ற வழக்கில் ஓரளவுக்கு வாதம், சிவில் பக்கம் போனால் அந்த வாதத்துக்குப் பல் இல்லை.

185-ல் தண்டனை என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 திருத்தத்தில் வந்த தொகைகள் இவை. அதே திருத்தம், இந்தக் குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால் லைசென்ஸைக் கைப்பற்றி, தகுதிநீக்க நடவடிக்கைக்காக உரிய அதிகாரிக்கு அனுப்பச் சொல்கிறது. ஹெல்மெட் அபராதம்போல ரோட்டிலேயே கட்டி முடிக்கிற குற்றம் அல்ல இது, கோர்ட்டுக்குப் போயாக வேண்டும்.

பிரிட்டனுக்கு வருவோம். அங்கே இரண்டு பரிசோதனைகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரோட்டோரத்தில் கேட்பது முதல்கட்டப் பரிசோதனை. அது கைது செய்யலாமா என்று முடிவு செய்வதற்கு மட்டும்தான். தகுந்த காரணமில்லாமல் அதை மறுத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் 4 புள்ளி. குடித்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால் கைதும் உண்டு. இரண்டாவது ஸ்டேஷனில் பெரிய கருவியில் நடப்பது. சாட்சியமாகக் கோர்ட்டுக்குப் போவது இதுதான். இரண்டு முறை ஊத வேண்டும், இரண்டில் குறைந்த ரீடிங்கைத்தான் எடுத்துக்கொள்வார்கள். தராவிட்டால் வழக்கு வரும் என்று முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

வண்டி ஓட்டிய ஒருவர் இந்த இரண்டாவதை மறுத்தால், ஆறு மாதம் வரை சிறை, உச்சவரம்பு இல்லாத அபராதம், குறைந்தது 12 மாதம் ஓட்டத் தடை. வரம்பைத் தாண்டி ஓட்டியவருக்கும் இதே தண்டனைதான். சட்டம் ஏன் இப்படிச் செய்தது என்று புரிந்துகொள்வது கஷ்டமில்லை. மறுப்புக்குத் தண்டனை குறைவாக இருந்தால், அதிகமாகக் குடித்தவர்கள் எல்லாரும் மறுத்துவிட்டுச் சின்ன தண்டனையோடு போய்விடுவார்கள். கொஞ்சமாகக் குடித்து நேர்மையாக ஊதியவர்தான் அகப்படுவார். அந்த வாசலை அடைக்கத்தான் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்தார்கள்.

இப்போது நம் 53 ஆளை அங்கே நிறுத்துங்கள். இங்கிலாந்தில், இரவு 10 மணி. ரோட்டில் ஊதினால் 23 பக்கம் வரும், வரம்பு 35. வண்டியை ஒழுங்காக ஓட்டி வந்திருந்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவருக்குத் தன் எண் தெரியாது. இரண்டு பீர் குடித்த குற்ற உணர்ச்சி, யாரோ சொன்ன அறிவுரை, கொஞ்சம் வீம்பு. மறுக்கிறார். கைது. ஸ்டேஷனில் எச்சரிக்கையை வாசிக்கிறார்கள். "என் வக்கீல் வந்தபிறகுதான்" என்கிறார். வக்கீலுக்காகக் காத்திருப்பது தகுந்த காரணம் ஆகாது என்று அங்குள்ள நீதிமன்றங்கள் எப்போதோ சொல்லிவிட்டன. அவர் காத்திருப்பதை மறுப்பாகவே பதிவு செய்கிறார்கள். குறைந்தது ஓராண்டு தடை. அதோடு நிற்காது. மறுத்ததற்காகத் தடை பெற்றவரை அங்கே அதிக ஆபத்துள்ள குற்றவாளி என்ற பிரிவில் சேர்க்கிறார்கள். மூச்சில் 87.5 மைக்ரோகிராம், அதாவது வரம்பைப்போல் இரண்டரை மடங்கு ஊதியவர்கள் இருக்கும் பிரிவு அது. தடைக்காலம் முடிந்தாலும் மருத்துவப் பரிசோதனையில் தேறாமல் லைசென்ஸ் திரும்பக் கிடைக்காது. 23 இருந்த மனிதர் 87.5-காரர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார். வரம்புக்குள் இருந்தேன் என்று நிரூபிக்க அவரிடம் இருந்த ஒரே சாட்சி அவர் ஊதாமல் விட்ட அந்த மூச்சு.

அதே ஆள் இந்தியாவில் ஊதியிருந்தால் 53, வரம்பைத் தாண்டியவர், வழக்கு நிச்சயம். மறுத்தாலும் வழக்கு வரும், இடையில் ஒரு கைது, ஒரு ஸ்டேஷன், ஒரு ஊசி, 205-ன் நிழல் எல்லாம் கூடுதலாக.

"ஆனால் நேரம் போகப் போக அளவு குறையுமே, இழுத்தடித்தால் லாபம்தானே?" என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். எப்போதும் குறையும் என்பது தப்பு. கடைசிக் கிளாஸை மடக்கென்று குடித்துவிட்டு உடனே வண்டியை எடுத்தவருக்கு, வயிற்றில் இருப்பது இன்னும் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். உச்சத்தைத் தொட அரை மணியிலிருந்து ஒன்றரை மணிவரை ஆகலாம். ரோட்டில் 28 காட்டியிருக்க வேண்டியவர், ஒரு மணி நேரம் தகராறு செய்துவிட்டு ஆஸ்பத்திரியில் 45 தருவார். அளவு இறங்கும் கட்டத்தில் இருந்தாலும், பிரிட்டனில் பரிசோதனை ரீடிங்கைவிட ஓட்டிய நேரத்து அளவு குறைவாக இல்லை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதிகமாக இருந்தது என்று காட்டப் பின்னோக்கிக் கணக்குப் போட்ட சாட்சியத்தையும் அங்கே ஏற்கிறார்கள்.

வெளிநாடு எல்லாமே பிரிட்டன்போல என்றும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் ரோட்டோரத்தில் ஊதுவது உங்கள் விருப்பம், மறுத்ததற்காகத் தண்டனை இல்லை. ஆனால் சந்தேகம் இருந்தால் ரத்தம் எடுக்க உத்தரவிடுவார்கள், அதை மறுக்க முடியாது. அமெரிக்காவில் 2016-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. குடித்து ஓட்டியதற்காகக் கைதானவரிடம் வாரண்ட் இல்லாமல் மூச்சைக் கேட்கலாம், மறுப்பைக் குற்றமாகவும் ஆக்கலாம், ஆனால் ரத்தத்துக்கு அப்படிச் செய்யக் கூடாது என்றது. ஆஸ்திரேலியாவில் சந்தேகமே வேண்டாம், யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். விக்டோரியா மாநிலம் 1976-ல் தொடங்கி வைத்தது. வழி வேறு வேறாக இருந்தாலும், மறுத்தவரை அப்படியே போகவிடும் சட்டம் இவற்றில் எதுவும் இல்லை.

உண்மையிலேயே ஊத முடியாதவர்களுக்கு என்ன வழி? கடுமையான மூச்சிரைப்பு, நெஞ்சில் அல்லது முகத்தில் காயம் போன்றவற்றை எல்லாச் சட்டங்களும் தகுந்த காரணமாகப் பார்க்க இடம் தருகின்றன. ஆனால் அதை அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். இன்ஹேலர் பையில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள், "என்னால் ஊத முடியவில்லை, ரத்தம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களே கேளுங்கள், அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ரத்தம் தரத் தயாராக இருந்தவர் எதையோ மறைக்கப் பார்த்தார் என்று சொல்வது யாருக்கும் கஷ்டம். "நான் குடிக்கவே இல்லை, எதற்கு ஊத வேண்டும்?" என்பது மட்டும் எங்கேயும் காரணமாக எடுபடாது.

மறுப்பதற்குப் பதிலாக நீங்கள் செய்யக்கூடியது, பரிசோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று கவனிப்பது. இதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு, கோர்ட்டில் பயன்படப்போவதும் இதுதான். உறை பிரிக்காத புதிய குழலைக் கேளுங்கள். ஊதுவதற்கு முன் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று கண்ணால் பாருங்கள். முன்னவர் ஊதிய மிச்சம் உள்ளே நின்றால் உங்கள் ரீடிங்கில் ஏறும். சில நிமிடங்களுக்கு முன்புதான் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் வாய் கொப்பளித்தீர்கள், அல்லது ஏப்பம் வந்தது என்றால் அதைச் சொல்லி, 15 நிமிடம் கழித்து மறுபடி எடுக்கக் கேளுங்கள். வாயில் தங்கிய ஆல்கஹால் அந்த நேரத்துக்குள் போய்விடும், ரத்தத்தில் இருப்பது போகாது. இரண்டு ரீடிங்கும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தால் கருவி சரியாகச் சொல்கிறது, முதலாவது தாறுமாறாக உயர்ந்து இரண்டாவது விழுந்தால் முதலாவதில் வாய் ஆல்கஹால் கலந்திருக்கிறது. துண்டுச்சீட்டு அச்சாகி வந்தால், கையெழுத்துப் போடும் முன் அதில் உள்ள நேரத்தையும் உங்கள் பெயரையும் வண்டி எண்ணையும் ரீடிங்கையும் படியுங்கள், முடிந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரீடிங் தப்பு என்று உறுதியாக நினைத்தால், "எனக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும்" என்று நீங்களே கேட்டு, கேட்டதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இவ்வளவும் ஊதிய பிறகு எடுபடுகிற வாதங்கள். ஊதாதவரின் ஃபைலை எடுத்துக்கொண்டு நான் நீதிபதி முன் நிற்கும்போது, என் கையில் இதில் ஒன்றுகூட இருக்காது.